பொன்னாடைக்கு முன்னாடி ஒரு கேள்வி

போன ஞாயித்துக்கிழமை எங்க நகர் நலச்சங்கத்தோட ஆண்டுப் பொதுக்குழு. மணிமங்கலத்துல சாயங்காலம் கூட்டம் வெச்சா ஒரகடம் கம்பெனிகளுக்கு ரெண்டாவது ஷிப்ட் போறவங்க வர முடியாது, காலையில வெச்சா நைட் ஷிப்ட் முடிச்சவங்க தூங்கணும். அதனால பதினோரு மணி, காலி மனையில சாமியானா, சுண்டல், டீ. பழைய தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் விலகுறாங்க. நன்றியுரை சொல்ற வேலை அடியேனுக்கு :-)

அது எவ்வளவு தர்மசங்கடம்னு எனக்குத்தான் தெரியும். பொருளாளர்கிட்ட ஏடாகூடமா ஒரு கேள்வி கேட்டவனும் நான்தான்.

கணக்கு அறிக்கைய ஒரு வாரம் முன்னாடியே வீட்டுக்கு வீடு குடுத்திருந்தாங்க. அதுல 'தண்ணி லாரி 3 நடை - 3,600 ரூபாய்'னு ஒரு வரி. பில் நம்பர் இல்ல. நானும் துப்பறியும் சாம்பு மாதிரி நேரா அவர் வீட்டுக்கே போயி, "சார், இதுக்கு பில் எங்க?"ன்னு கேட்டுட்டேன். மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. ஒண்ணும் பேசாம உள்ள போயி ஒரு ஃபைல எடுத்துட்டு வந்தார்.

மே மாசம் போர் மோட்டார் காயில் எரிஞ்சுபோய், ரீவைண்டிங் முடிஞ்சு வர மூணு நாள் ஆச்சு. அந்த மூணு ராத்திரியும் லாரி தண்ணிதான். லாரிக்காரர் அச்சடிச்ச பில்லா குடுப்பார்? பொருளாளரே வெள்ளைத்தாள்ல வவுச்சர் எழுதியிருக்கார். தேதி, லாரி நம்பர், வந்த நேரம், டிரைவர் கையெழுத்து. கீழ, தொட்டி மூடியத் திறந்துவிட்ட வீட்டுக்காரர் கையெழுத்து. ஒரு சீட்டுல நேரம் ராத்திரி 1.40. அந்தச் சீட்டுல தொட்டி திறந்தவர் யாருன்னு பார்த்தா... எங்க அப்பா! நான் அப்போ உள்ள தூங்கிட்டு இருந்திருக்கேன்.

"கேட்டது தப்பில்ல தம்பி. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேளுங்க. நான் அங்கயே பதில் சொல்லிடறேன்"னார்.

கேட்டேன். சொன்னார். ஃபைல் கைக்குக் கை மாறி சாமியானாவ ஒரு சுத்து வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கணக்கு ஏற்கப்பட்டதுன்னு தீர்மானம் போட்டோம். நன்றி அதுக்கும் பின்னாடிதான். இந்த வரிசை முக்கியம்ங்க. கணக்கு ஏத்துக்கறதுக்கு முன்னாடியே பொன்னாடை போர்த்திட்டா, அப்புறம் கேள்வி கேக்கறவன் வில்லன் ஆயிடுவான். யாரும் கேக்காம விட்டாலோ அந்தச் சந்தேகம் டீக்கடையில வளரும். அது விலகிப்போனவருக்குத்தான் அசிங்கம்.

நன்றியுரையில 'அரும்பணி', 'தன்னலமற்ற சேவை' ஒண்ணும் சொல்லல. அந்த 1.40 சீட்டைப் படிச்சேன். மழைக்கு முன்னாடி தலைவர் தானே மண்வெட்டி எடுத்து வடிகால்ல அடைச்சிருந்த மண்ணை அள்ளினதச் சொன்னேன். அடையாறு உற்பத்தியாகிற பக்கத்துல குடியிருக்கோம், 2015 டிசம்பர் வெள்ளத்தப் பார்த்தவங்களுக்கு அந்த வடிகாலோட அருமை தெரியும். செயலாளர் ஷிப்ட் முடிச்சு வந்து தெருவிளக்குக்காக மனு மேல மனு எழுதினதச் சொன்னேன். மூணையும் தீர்மானப் புத்தகத்துலயும் எழுதச் சொல்லிட்டேன்.

இதோட முடியல. மாலை போட்டு அனுப்பிட்டு, வேலைய மட்டும் அவங்க தலையிலயே விட்டுட்டா அது நன்றியா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-படி நிர்வாகக்குழுவோட காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது. ஆள் மாறினா மூணு மாசத்துக்குள்ள படிவம் 7-ல மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்கணும். அது போகிற வரைக்கும் பதிவேட்டுல பழைய பேருதான். தீர்மான நகலோட பேங்க் போயி கையெழுத்து மாத்தணும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பழைய கையெழுத்துல குடுத்த செக் இன்னும் பாஸாகாம இருந்தா, அது திரும்பி வந்துடலாம். அதனால எந்தெந்த செக் நிலுவையில இருக்குன்னு முதல்ல பட்டியல் எடுத்துக்கிட்டோம்.

கடைசியா ஒரு சின்ன விஷயம். போர் மோட்டார் மின் இணைப்புல செயலாளரோட செல் நம்பர்தான் இருக்கு. மாத்தாம விட்டா பில் தொகை அவருக்குத்தான் மெசேஜா போகும். நாம கட்ட மறந்து ஃபியூஸ் பிடுங்கினா, ஊரே அவரத்தான் எழுப்பும். திங்கக்கிழமை மொத வேலையா மாத்தியாச்சு.

ராத்திரி பொருளாளர் வீட்டு வழியா வந்தேன். ஒன்பது மணிக்கே லைட் அணைச்சுட்டார். மூணு வருஷத்துல இப்பத்தான் பார்க்கறேன் :-)