ஆல்பத்துக்குள் ஒரு அப்பா

புனேயில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு கரூர் குடும்பம். தம்பிக்கு மஸ்கட் பக்கம் ஒரு சைட்டில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. இரண்டு வருஷ காண்ட்ராக்ட், வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அவர் கிளம்பும்போது பாப்பாவுக்கு பதினோரு மாசம்.

"இப்பதான் வீடியோ கால் இருக்கே" என்பீர்கள். இருக்கு. ஆனா பாப்பா தூங்கப் போறது நம்ம நேரம் எட்டரைக்கு. அப்போ ஓமானில் மணி ஏழு. தம்பி சைட்டிலிருந்து கேம்புக்குத் திரும்பும் பஸ்ஸில் இருப்பார், பாதி வழியில் சிக்னல் போயிடும். வெள்ளிக்கிழமை மட்டும் நிம்மதியாப் பேசலாம். மத்த ஆறு நாளைக்கு என்ன பண்றது?

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழிதான் அந்தப் புத்தகம். சின்ன போட்டோ ஆல்பம், நாலுக்கு ஆறு சைஸ் படம் பக்கத்துக்கு ஒண்ணு, மொத்தம் பத்து. ஒவ்வொண்ணுக்கும் கீழே ஸ்கெட்ச் பேனாவில் ஒரே வரி. அப்பா பல் தேய்க்கிறார். அப்பா ஷூ மாட்டுகிறார். அப்பா டாட்டா சொல்கிறார். ஊருக்கு வந்த ஒரு நண்பர் கையில் கொடுத்தனுப்பினார். அம்மா தினம் ராத்திரி பாப்பாவை மடியில் வச்சு வாசிப்பாங்க.

முதல் வாரம் பாப்பா அப்பாவைப் பக்கத்திலிருந்து நகத்தால் பிய்த்து எடுக்கப் பார்த்தாள். தங்கமணி சிரிச்சாங்க. ஆனா இது எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதானாம். ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாசக் குழந்தைகள் படத்தில் இருக்கும் பொருளை நிஜம் மாதிரி கையால் பிடிக்கப் பார்த்தன. பத்தொன்பது மாசத்தில் அது போய், விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிச்சன. படம் வேற, ஆள் வேற என்பது குழந்தைக்கு மெதுவாகத்தான் பிடிபடும். நம்ம பாப்பாவும் ஒன்றரை வயசில் விரல் வச்சு "அப்பா" என்றாள். எல்லாரும் குதிச்சோம்.

சிக்கல் அதுக்கப்புறம்தான். தம்பி தன்னிடம் இருந்ததிலேயே நல்ல படங்களாத்தான் பொறுக்கிப் போட்டிருந்தார். மழமழன்னு ஷேவ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எல்லாம் நேர்முகம், எல்லாத்திலும் சிரிப்பு. கண்ணாடி ஒரு படத்திலும் கிடையாது. பாப்பாவுக்கு இரண்டு வயசு நெருங்கும்போது லீவில் வந்து நின்ற ஆளோ வெயிலில் கறுத்து, மீசை வச்சு, கண்ணாடி போட்டிருந்தார். பாப்பா அம்மா பின்னாடி ஒளிஞ்சா. "யாரு பாப்பா இது?" என்று கேட்டதுக்கு அலமாரியைக் காட்டி, "அப்பா அங்க" என்றாள்.

அந்த மனுஷன் முகத்தை என்னால் பார்க்க முடியலை.

ஆனா அவர் செஞ்ச அடுத்த காரியம்தான் இந்தப் பதிவே. பாப்பாவை இழுத்துத் தூக்கலை. ஆல்பத்தை எடுத்துக்கிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். முதல் பக்கத்தைத் திறந்து வச்சுட்டு நிஜமாவே பிரஷ்ஷை எடுத்துப் பல் தேய்ச்சார். அடுத்த பக்கம், ஷூ மாட்டினார். தினம் ராத்திரி அதே வரிசை, அதே வரி, அம்மா வாசிக்கும் அதே ராகத்தில். நாலாம் நாள் பாப்பா கிட்ட வந்து, அவர் கண்ணாடியைக் கழட்டினாள். முகத்தைப் பார்த்தாள். ஆல்பத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள், அடுத்த பக்கம் அதுதானே!

திரும்பிப் போறதுக்கு முன்னாடி இரண்டாவது ஆல்பம் தயாராச்சு. இந்தத் தடவை கண்ணாடியோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு, பக்கவாட்டில், முதுகைக் காட்டி, வாயைத் திறந்து தூங்கறது, மூணு நாள் தாடி, கோபமா முறைக்கிறது. பாதிப் படங்களில் பாப்பாவும் இருந்தாள், அவர் முதுகில் யானை ஏறிக்கிட்டு. கடைசி இரண்டு பக்கத்தில், அப்பா பெட்டியோட வாசல் தாண்டிப் போறார், அப்பா பெட்டியோட வாசலுக்குள்ள வர்றார். மாசம் ஒரு புதுப் படம் அனுப்பறதா ஏற்பாடு, பழசில் ஒண்ணை எடுத்துட்டு அதைச் செருகணும். முகம் மாறுவது கூடவே தெரியணும் இல்லையா?

இதெல்லாம் அப்பாவுக்கு ஈடாகாது. வாசனை, குரல், தூக்கும்போது முள்ளுக்குத்தும் தாடி எதுவும் நாலுக்கு ஆறில் வராது. அந்தக் குறைக்கு அவர் வச்சிட்டுப் போனது துவைக்காத ஒரு லுங்கி. போன வாரம் துவைக்கப் போட்டுட்டாங்கன்னு பாப்பா ஒரு மணி நேரம் அழுதாளாம், தங்கமணி சொன்னாங்க.