கீரிப்பிள்ளையின் எண்

தாய் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போகிறாள். தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது. காவலுக்கு அவள் வளர்த்த கீரி. பாம்பு வருகிறது, கீரி அதைக் கடித்துக் குதறிப் போடுகிறது. தண்ணீரோடு திரும்பியவள், வாயெல்லாம் ரத்தமாக வாசலில் நிற்கும் கீரியைப் பார்த்துப் பதறி, இடுப்புக் குடத்தை அதன் தலையில் போடுகிறாள். உள்ளே போய்ப் பார்த்தால் பிள்ளை கைகாலை ஆட்டிச் சிரிக்கிறது. தொட்டிலடியில் பாம்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது.

செட்டிநாட்டு ஊர்களில் ஆச்சிமார்களிடம் கதை கேட்டு எழுதி வருகிறேன். முகப்பிலோ வளவிலோ உட்கார்ந்து கேட்ட கதையை வீட்டுக்கு வந்ததும் பேச்சு மாறாமல் எழுதி வைப்பேன். அதன்பிறகு தனித் தாளில் அதன் எலும்பை மட்டும் எழுதுவேன்: யார், எங்கே போனார், எது வந்தது, எதைப் பார்த்து எதைத் தவறாக நினைத்தார், என்ன செய்தார், எப்படி உண்மை தெரிந்தது. இந்தத் தாள் இல்லாமல் கதைவகை அடைவைத் திறந்தால், கீரி வருகிறது, பாம்பு வருகிறது என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டு திசை தெரியாமல் அலைவோம்.

அந்த அடைவை பின்லாந்துக்காரர் ஆன்டி ஆர்னே 1910இல் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் 1928இலும் 1961இலும் விரிவாக்கினார். ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004இல் மூன்று தொகுதிகளாகத் திருத்தி வெளியிட்டார். இந்திய வாய்மொழிக் கதைகளுக்குத் தனி அடைவு ஒன்றை தாம்சனும் வாரன் ராபர்ட்ஸும் 1960இல் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் வரிசைதான். கீரிக் கதையின் எண் 178ஏ. அந்த எண்ணின் கீழே கதைச்சுருக்கம் சில வரிகளில் இருக்கும். அதைத் தொடர்ந்து எந்த மொழியில், எந்த நூலில் இதே கதை பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல் வரும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியல். எண் அதற்கான வாசல்.

பட்டியலைப் பிடித்துக்கொண்டு நூல்களைத் தேடிப் படித்து, கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு வரிசையாக எழுத வேண்டும். காத்த விலங்கு எது, வந்த பகை எது, கொன்றவர் யார், கொன்ற பிறகு என்ன நடந்தது என்று நான்கு கட்டங்கள் போதும். பஞ்சதந்திரத்தில் கீரியும் பாம்பும். 6ஆம் நூற்றாண்டில் அது பாரசீகத்துக்குப் போய், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபாவின் அரபு நூலான கலீலா வதிம்னாவில் நுழையும்போது, கீரியின் இடத்தில் வீசல் என்ற சிறு ஊனுண்ணி நிற்கிறது. ஐரோப்பாவில் பரவிய ஏழு ஞானியர் கதைத்தொகுப்பில் நாய் வந்துவிடுகிறது. பாம்பு மட்டும் இன்னும் பாம்புதான். வேல்ஸ் நாட்டில் அந்தப் பாம்பும் போய் ஓநாய் வருகிறது. இப்படி வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எங்கும் மாறாத ஒன்று கண்ணில் படும்: காப்பாற்றிய வாயில் இருந்த ரத்தத்தைக் கொன்ற வாயின் ரத்தமாக நினைப்பது. அது இல்லையென்றால், கீரி, பாம்பு, தொட்டில் எல்லாம் இருந்தாலும் 178ஏ இல்லை.

இந்த எண்ணின் பயன் எனக்கு முழுதாகப் புரிந்தது கல்லறைகளில்தான். வேல்ஸின் பெத்கெலர்ட் கிராமத்தில், லூவெலின் இளவரசன் அவசரப்பட்டுக் கொன்ற கெலர்ட் என்ற நாயின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊர் விடுதிக்காரர் ஒருவர் ஏற்படுத்தியது அது என்பது ஆய்வாளர்கள் முடிவு. பிரான்சில் லியோன் நகருக்கு அருகே, 13ஆம் நூற்றாண்டில், இதேபோலக் கொல்லப்பட்ட கின்ஃபோர் என்ற வேட்டைநாயைப் புனிதராகக் கும்பிட்டார்கள். நோயுற்ற குழந்தைகளை அதன் சமாதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தியேன் த பூர்போன் என்ற பாதிரியார் அதைக் கண்டித்து, நாயின் எலும்பைத் தோண்டி எரிக்கச் செய்தார். இங்கேதான் நடந்தது, இதோ சமாதி என்று ஓர் ஊர் சொல்லும்போது, அடைவைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஊர்விட்டு ஊர் வந்த கதை என்று தெரிந்துவிடும். நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ, நடந்த நிகழ்ச்சியாகவே சொல்லப்படும் இந்தக் கீரிக் கதையைப் பற்றி 1940இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

நம் பக்கத்து வரிசைதான் எனக்கு நெருக்கமானது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன், அவன் முன்பு செய்த நன்மைகளை எடுத்துச் சொல்கிறான். அவற்றில் ஒன்று கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் துயரைத் தீர்த்தது. கணவன் அவளை விட்டு வடதிசைக்குப் புறப்படுகிறான். வடமொழி எழுதிய ஏடு ஒன்றை அவள் கையில் கொடுத்துப் போகிறான். அவள் அதை ஏந்திக்கொண்டு பெருஞ்செல்வர் வீதியில் அழுதுகொண்டு நடக்கிறாள். கோவலன் அழைத்துக் கேட்டு, பாவம் தீரத் தானம் செய்து, கணவனையும் தேடிக் கூட்டிவந்து, இருவரும் வாழப் பொருளும் கொடுக்கிறான். பூம்புகார் வணிகன் அவன். அந்தக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது நகரத்தார் மரபு.

இங்கே பாம்பு எங்கே, தொட்டில் எங்கே, ரத்தம் எங்கே? இளங்கோ சொல்லவில்லை. கீரி இறந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அடைவின் விதிப்படி இதற்கு 178ஏ என்று நேராக எண் போட முடியாது. ஆனால் விளக்கமே தேவைப்படாத அளவுக்குக் கதை அப்போதே கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த மௌனத்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இன்னொன்று: பஞ்சதந்திரத்தில் கீரி செத்ததும் அவசரம் கூடாது என்ற நீதியோடு கதை முடிகிறது. இங்கே அதற்குப் பின் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. கொலைக்குப் பின்னான வாழ்வுக்கு அடைவில் இடமே இல்லை. கட்டம் போட்ட தாளில் என் நான்காவது கட்டம் அதற்காகத்தான்.

கால வரிசையில் வைத்து மூலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பழைய பின்லாந்துப் பள்ளியினர் நம்பினார்கள். நான் அந்த நம்பிக்கையில் இல்லை. பௌத்த மகாசாங்கிக விநயத்தில் இந்தக் கதை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. பஞ்சதந்திரம் அதற்கு முந்தியது என்பார்கள். சிலம்பின் காலத்தில் ஒருமித்த கருத்தே கிடையாது. ஏட்டில் ஏறிய தேதி, வாயில் பிறந்த தேதி ஆகாது. ஏறும் முன் எத்தனை தலைமுறை அது பேசப்பட்டதோ, அதற்கு எந்த அடைவிலும் கணக்கு இல்லை.

களத்தில் வரும் சிக்கல் வேறு. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த கதையையே பலரும் சொல்கிறார்கள். குடம், தொட்டில், கடைசியில் ஒரு நீதி என்று ஒரே வார்ப்பில் வந்தால் ஐயப்பட வேண்டும். "இதை யாரு சொல்லிக் கேட்டீக ஆச்சி?" என்று கேட்டால் பாதி தெளிந்துவிடும். "எங்க அப்பத்தா சொன்னாக" என்ற பதிலோடு, அந்தக் கீரி எந்த வீட்டில், எந்தத் தாழ்வாரத்தில் நின்றது என்றும் வந்தால் அதைத் தனியாக எடுத்து வைப்பேன்.

இதே எண்ணின் அடுத்த கிளை 178பி. கடனுக்கு ஈடாக நாயை வட்டிக்கடைக்காரரிடம் விட்டுப் போகிறான் ஒருவன். கடைக்காரர் வீட்டில் திருடு போன பொருளை நாய் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. மகிழ்ந்தவர், கடன் தீர்ந்தது என்று சீட்டு எழுதி நாயின் கழுத்தில் கட்டி அனுப்புகிறார். நாய் ஓடி வந்துவிட்டது என்று நினைத்து உடையவன் அடித்துக் கொன்றபிறகு சீட்டைப் பார்க்கிறான். வட இந்தியாவில் பஞ்சாராக்களை வைத்து இதைச் சொல்வார்கள். கொடுக்கல் வாங்கலையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த நம் பகுதியில் இது இன்னும் என் காதில் விழவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதைச் சொல்லக் கேட்டிருந்தால், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்பதையும் சேர்த்து வையுங்கள்.