போட்டோகிராபருக்கு எழுதும்போது

அம்மாடி, நீ கேட்லாக் போடப்போகிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். போட்டோகிராபருக்கு எழுதி வைத்திருக்கும் செய்தியையும் பார்த்தேன். 'பிளவுஸ் போட்டோ எடுத்து, பேக்ரவுண்டை நீக்கித் தாருங்கள்' என்று ஒரே வரி. அவருக்குக் கேமரா தெரியும், உன் துணி தெரியாது. அளவு ஜாக்கெட் இல்லாமல் ஒருத்தி தைக்கக் கொடுத்தால் நாம் எத்தனை கேள்வி கேட்போம்! அத்தனைக்கும் பதில் உன் செய்தியிலேயே இருக்கட்டும்.

அந்த ஆஃப் ஒயிட் பட்டு பிளவுஸையே எடுத்துக்கொள். நெட் கை, ஜரிகை பார்டர், முதுகில் குஞ்சம் வைத்த கயிறு. வெள்ளைத் திரை முன் எடுத்தால் தோள் ஓரம் திரையோடு கலந்துவிடும். வெட்டுபவருக்குத் துணி எங்கே முடிகிறது என்றே தெரியாது. பச்சைத் திரை என்றால் அந்த நிறம் பட்டின் ஓரத்தில் படியும். வெளிர் சாம்பல் திரை கேள்.

நெட் கைதான் பெரிய வேலை. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் பின்னால் உள்ள திரை தெரியும். வெளி ஓரத்தை மட்டும் வெட்டினால் கண்களுக்குள் அந்தச் சாம்பல் அப்படியே நிற்கும். கண்களும் திறந்திருக்க வேண்டும் என்று எழுது. கேட்லாக் பக்கம் என்ன நிறம் என்பதையும் சொல்லிவிடு.

பொம்மையில் மாட்டி எடுத்துப் பிறகு பொம்மையை அழித்தால் கழுத்துக்குள் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அங்கே பின்கழுத்தின் உள்பக்கம், லைனிங்கோடு, தெரிய வேண்டும். அதைத் தனியாக ஒரு படம் எடுத்து ஒட்டுவார்கள். முன்பே கேட்காவிட்டால் எடுத்திருக்க மாட்டார். குஞ்சக் கயிற்றை வெட்டிவிட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்.

கோப்பைப் பின்னணியில்லாத PNG ஆகக் கேள். JPG-யில் பின்னணி வெறுமையாக நிற்காது. அச்சில் படம் 4 அங்குல அகலம் வருமென்றால் 1200 பிக்ஸலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், பின்னணியும் திரும்ப நிரம்பிவிடும். Document ஆக அனுப்பச் சொல்.

இப்படி எழுதலாம்: 'அண்ணா, ஆஃப் ஒயிட் பிளவுஸ், நெட் கை. வெளிர் சாம்பல் திரையில் முன்பக்கம், முதுகு, கழுத்தின் உள்பக்கம் என மூன்று படம். நெட் கண்கள் திறந்திருக்கட்டும், கயிறும் குஞ்சமும் இருக்கட்டும். பின்னணியில்லாத PNG, அகலம் 1200 பிக்ஸலுக்குக் குறையாமல், Document ஆக. முதலில் இந்த ஒன்றை முடித்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டு மற்றவற்றைத் தருகிறேன்.'

அந்த முதல் படம் வந்ததும் மெரூன் நிறத்தின் மேல் வைத்துப் பார். வெட்டு சரியில்லை என்றால் ஓரத்தில் சாம்பல் கோடு பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பக்கத்தில் அது கண்ணுக்குப் படாது. நெட் கைக்குக் கூடுதல் பணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடு. அது கண் கண்ணாக உட்கார்ந்து செய்யும் வேலை.