இருசி என்றனர் ஊரார்

பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் 'இருசி'. நம் உறவினர் வீட்டுப் பெண்ணொருத்திக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. மார்பு வளர்ந்திருந்தது, உயரமும் வந்திருந்தது, உதிரம் மட்டும் வரவில்லை. மாதந்தோறும் நான்கைந்து நாள் அடிவயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். உடற்சூடு என்றார் ஒருவர். காற்றுக் கறுப்பு என்றார் மற்றொருவர். வெந்தயமும் மந்திரித்த கயிறும் மாறிமாறி வந்தன.

அவளோ, வலி தொடங்கிய நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தோம்: வட்டத்துக்கு வட்டம் 28 நாள், 29 நாள். காற்றுக் கறுப்புக்குக் கணக்குப் பிள்ளை உண்டோ? இவள் பூப்பெய்திப் பல மாதங்களாகிவிட்டன. உதிரம் வெளிவர வழியில்லை, அவ்வளவே!

பெற்றோர் அதை ஏற்குமுன், ஒருநாள் காலை அவளுக்குச் சிறுநீரும் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் குழாய் செலுத்திச் சிறுநீரை வடித்தபின், மருத்துவ அம்மையார் சோதித்தார். யோனியின் வாயிலை ஒரு சவ்வு முழுதும் மூடி, நீலம் பாரித்துப் புடைத்து நின்றது. கருவில் இருக்கும்போதே துளை விழுந்திருக்க வேண்டிய சவ்வு அது. மாதாமாதம் வந்த உதிரம் அதன் பின்னே தேங்கி, யோனியைப் பை போல் விரித்துச் சிறுநீர் வழியை நெருக்குவதை ஸ்கேன் படம் காட்டிற்று.

"அதை அறுத்தால் கன்னிமை போய்விடுமே, நாளை எவன் கட்டுவான்?" என்று அழுதார் தாய். "மற்றப் பெண்களுக்குப் பிறக்கும்போதே இருக்கும் வழியைத்தான் திறக்கிறோம், அம்மா" என்றார் மருத்துவர்.

ஊசியால் குத்தி வடித்தால் போதாதா என்றும் கேட்டனர். போதாது, சிறுதுளை மீண்டும் மூடிக்கொள்ளும், தேங்கிய உதிரத்தில் கிருமியும் புகும். ஆகவே மயக்க மருந்து கொடுத்து, சவ்வைக் கீறி, மிகுதியை வெட்டி, விளிம்புகளைத் தைத்தனர். அரை லிட்டருக்கு மேல், கீல் போன்ற கரிய உதிரம் வெளியேறிற்று.

எல்லோருக்கும் இத்துணை எளிதில் முடிவதில்லை. யோனியின் உட்புறத்தே தடித்த தடுப்பிருந்தால் வெளியே நீலப் புடைப்புத் தெரியாது. அதற்குத் தேர்ந்த கையே வேண்டும். கருப்பை இரண்டாகப் பிரிந்து ஒருபுறம் மட்டும் அடைபட்டவளுக்கோ, மறுபுறத்து உதிரம் மாதந்தோறும் வரும், வலியும் வளரும். "விலக்குத்தான் வருகிறதே" என்று வீட்டார் இருந்துவிடுவர். அத்தகையோருக்குப் பெரும்பாலும் அடைபட்ட பக்கத்துச் சிறுநீரகமே இருப்பதில்லை. எந்த அடைப்பாயினும், நாள் கடந்தால் உதிரம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் ஏறும்.

அடுத்த மாதம் இவளுக்கு உதிரம் ஒழுங்காக வந்தது. மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறிக்கப் புறப்பட்டார் தந்தை. தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டாள்.