ஓங்கிய வாளைத் திரும்பப் பெற இயலாது

2011இல் ஃபிரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில் தாக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், எதிராளி விலகுவதைக் கண்டாலும் வீச்சை நிறுத்த முடியாது. ‘வெட்டினான்’ என்று நாம் ஒரே வினைமுற்றில் சொல்லும் செயல் அங்கே ஓங்குதல், வெட்டுதல், மீளுதல் என மூன்றாகப் பிரிகிறது. ஆயுதத்தின் வேகம் என்பது முதலும் கடையுமான கட்டங்களின் நீளமே.

கண்டு, விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழக் கால் நொடி ஆகும். விளக்கத்திற்காகச் சில எண்களைக் கொள்வோம். குறுவாளை ஓங்க 0.2 நொடி போதுமென்றால், அதைப் பார்த்து விலக இயலாது, ஊகிக்கத்தான் வேண்டும். பெருவாளை ஓங்க 0.7 நொடி ஆகுமென்றால், எதிராளி பார்த்தே உருண்டு தப்பலாம். பெருவாள் மீளவும் அதே நேரம் பிடித்தால், அவர் குத்திவிட்டும் போகலாம்.

ஆயினும் பெருவாள் வெல்வதுண்டு. காரணம், உடல்வலுவைக் காட்டும் பச்சைப் பட்டை. தாக்கினாலும் உருண்டாலும் அது குறையும். அடுத்தடுத்து உருண்டு பட்டையைத் தீர்த்தவர், வாள் ஓங்குவதைக் கண்டும் விலக முடியாமல் நிற்பார். ஆனால் பட்டையில் துளி மிஞ்சினாலும் அடுத்த வீச்சைத் தொடங்க விளையாட்டு இடம்கொடுக்கும். அந்தத் துளியையும் செலவிட்டுக் குறி தவறினால், உருள வழியின்றி நிற்பது நாம்தான்.

எதிராளியின் உயிர்ப்பட்டை திரையில் தெரியும்; வலுப்பட்டை தெரியாது. ஆகவே பெருவாள் ஏந்தியவர், எதிராளி எத்தனை முறை உருண்டார் என்று எண்ணிய பின்னரே வாளை ஓங்குவார்.