கலர் லைட்டில் நின்ற 5 நிமிடமும் 36 செக்கனும்

இரண்டு மாதத்துக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை, பம்பலப்பிட்டியில் சிவப்பு லைட்டில் வீதியைக் கடக்கப் பாய்ந்தேன். ஒரு பஸ் பிரேக் அடித்து நின்றது. மிதிபலகையில் நின்ற கண்டக்டர், "சேர், வீட்டுல சொல்லிட்டா வந்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் யாரும் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை.

ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கையில் கட்டியிருந்த வொட்ச்சில் சராசரி பேஸ் ஏறிக்கொண்டிருந்தது. நின்றால் இன்னும் ஏறும். அதற்காகத்தான்.

ஓடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ் என்றால் ஒரு கிலோமீற்றர் ஓட எடுக்கும் நேரம். நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் கதியைத் தலைகீழாகப் பிடித்தது போல. கதி கூடினால் நல்லது, பேஸ் குறைந்தால் நல்லது. 6:30 என்றால் ஒரு கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடம். 10 கிலோமீற்றரை 65 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும் என்பது இந்த வருடம் எனக்கு நானே வைத்த இலக்கு. அதற்குத் தேவையான பேஸும் அதே 6:30தான்.

சனிக்கிழமைகளில் தெஹிவளையில் தொடங்கி காலி வீதியோடு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி காலிமுகத்திடல் வரை ஓடுவேன். ஏறத்தாழ 8 கிலோமீற்றர். திரும்பி வருவது பஸ்ஸில். மூன்று மாதமாக ஓடியும் வொட்ச் 7:00, 7:05 என்றே காட்டியது. கால் நன்றாகத்தான் ஓடுகிறது, மூச்சும் முன்பு போல் வாங்குவதில்லை, ஆனால் இலக்கம் மட்டும் அசையவில்லை. இலக்கத்தை இறக்க வேண்டும் என்று லைட்டுகளுக்கு இடையில் விழுந்தடித்து ஓடினேன். கணைக்காலின் முன்பக்க எலும்போடு ஒரு வலி தொடங்கியது. அப்புறம்தான் அந்த பஸ்.

அன்று மாலை, கலாசாலையில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் ஓடுகிறவன். போனை வாங்கி என் ஓட்டத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மச்சான், நீ லைட்டுல நிக்கிற நேரமும் இதுக்குள்ள ஈக்கி. நின்டுட்டு ஈந்த நேரத்தயும் ஓடின நேரமா எண்ணுது ஒன்ட வொட்ச்."

கணிதம் படிப்பிக்கிற ஆளுக்கு இதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. தொடக்கப் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து வொட்ச் நேரத்தை எண்ணிக்கொண்டே போகும். சிவப்பில் நான் நிற்கும்போது தூரம் கூடுவதில்லை, நேரம் மட்டும் கூடுகிறது. நேரத்தைத் தூரத்தால் வகுப்பதுதான் பேஸ். அப்படியென்றால் நிற்கும் ஒவ்வொரு செக்கனும் அதை மோசமாக்கும்.

அடுத்த சனிக்கிழமை அளந்து பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். வொட்ச்சை நிறுத்தவில்லை. லைட்டில் நின்றதும் லேப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன், மறுபடி ஓடத் தொடங்கும்போது இன்னொரு தடவை. இதனால் முழு ஓட்டமும் துண்டுகளாகப் பிரிந்துவிடும். ஓடிய துண்டு, நின்ற துண்டு, ஓடிய துண்டு, நின்ற துண்டு என்று. நின்ற துண்டுகளைக் கண்டுபிடிப்பது சுலபம், அவற்றில் தூரம் ஏறக்குறைய பூச்சியமாக இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வொட்ச் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தானாக லேப் போடும்படி இருந்தால் அதை முதலே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து குழம்பிவிடும்.

அன்று 7 இடங்களில் சிவப்பு. நின்ற செக்கன்கள் இவை: 62, 35, 48, 71, 20, 55, 45. கூட்டினால் 336, அதாவது 5 நிமிடம் 36 செக்கன். மொத்த நேரம் 56 நிமிடம் 24 செக்கன், தூரம் 8.00 கிலோமீற்றர்.

வொட்ச் காட்டியது: 56:24 என்பது 3384 செக்கன். அதை 8 ஆல் வகுத்தால் 423. அதாவது 7:03.

நான் உண்மையில் ஓடியது: 3384 இலிருந்து 336 ஐக் கழித்தால் 3048. அதை 8 ஆல் வகுத்தால் 381. அதாவது 6:21.

ஒரு கிலோமீற்றருக்கு 42 செக்கன் வித்தியாசம்! இதே கணக்கைக் குறுக்கு வழியிலும் செய்யலாம். நின்ற நேரம் 336 செக்கனை 8 கிலோமீற்றருக்குப் பங்கிட்டால் ஒரு கிலோமீற்றருக்கு 42. அதை 7:03 இலிருந்து கழித்தால் 6:21. பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். நின்ற மொத்த நேரத்தைத் தூரத்தால் வகுக்காமல் பேஸிலிருந்து நேரே கழிக்கக் கூடாது. இன்னொரு பிழை, ஓடிய துண்டுகளின் பேஸ்களை மட்டும் எடுத்து சராசரி காண்பது. ஒரு துண்டு 300 மீற்றர், மற்றது 1700 மீற்றர் என்றால் இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுக்க முடியாது. ஓடிய நேரங்களைத் தனியாகக் கூட்டி, தூரங்களைத் தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரு தடவை மட்டும் வகுக்க வேண்டும். தரம் 9 பிள்ளைகளிடம் சராசரிக் கதி கேட்டால் இரண்டு கதிகளைக் கூட்டி 2 ஆல் வகுப்பார்களே, அதே பிழைதான்.

"இவ்வளவு பாடு எதுக்கு, Auto Pause போட்டா சரிதானே" என்று சிலர் கேட்கக்கூடும். சரிதான், பல வொட்ச்களில் அது இருக்கிறது. நின்றதும் நேரத்தைத் தானே நிறுத்தி, ஓடத் தொடங்கியதும் தானே எண்ணத் தொடங்கும். அதைப் போடாமல் ஓடியிருந்தாலும் சில செயலிகளில் Elapsed Time என்று மொத்த நேரமும் Moving Time என்று ஓடிய நேரமும் தனித்தனியே இருக்கும். என் செயலியிலும் இருந்தது, இத்தனை நாள் நான்தான் கீழே இறக்கிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த Moving Time அன்று 51:23 என்று காட்டியது. என் லேப் கணக்கு 50:48. இடையில் 35 செக்கன்.

அந்த 35 செக்கன் எங்கே போனது? நாம் நிற்பதை வொட்ச் கண்ணால் பார்ப்பதில்லை. செய்மதிச் சமிக்ஞையில் இருந்தும் கை அசைவில் இருந்தும் ஊகிக்கிறது. நின்றுவிட்டோம் என்று உறுதியாவதற்கு அதற்குச் சில செக்கன்கள் தேவை. 7 தடவை நின்றேன், தடவைக்கு ஏறத்தாழ 5 செக்கன். போதாததற்கு உயரமான கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போது சமிக்ஞை தெறித்து வருவதால் நாம் நின்றாலும் வரைபடத்தில் புள்ளி அலையும். உங்கள் ஓட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், லைட் இருக்கும் இடத்தில் நூல் சிக்கியது போல் ஒரு முடிச்சு தெரியும். அங்கே வொட்ச் நீங்கள் ஊர்ந்து போவதாக நினைத்திருக்கிறது. என்னுடைய நின்ற துண்டுகளிலும் 5 மீற்றர், 10 மீற்றர் என்று இல்லாத தூரம் பதிவாகி, எல்லாம் சேர்த்து 40 மீற்றர் இருந்தது. அதையும் கழித்துப் பார்த்தேன், பேஸ் 6:21 இலிருந்து 6:23 ஆனது. இரண்டு செக்கனுக்காக யாரும் மண்டையை உடைக்கத் தேவையில்லை. லைட்டில் காலை மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு மட்டும் Auto Pause இன்னும் கூடுதலாக ஏமாறும்.

6:21 கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் இலக்கு 6:30 தானே, அதைத் தாண்டிவிட்டேனே! 10 கிலோமீற்றருக்குக் கணக்குப் போட்டால் 63:30 வருகிறது. மனைவியிடமும் சொல்லியாயிற்று. "அப்ப இனிமே சனிக்கெழம ஓடத் தேவையில்லயா?" என்று கேட்டா.

நண்பன்தான் மறுபடியும் குறுக்கே வந்தான். லைட்டே இல்லாத இடத்தில் ஓடிப் பார் என்றான். அடுத்த வாரம் சுதந்திர சதுக்கத்துக்குப் போய், சுற்றிச் சுற்றி, ஒரு இடத்திலும் நிற்காமல் 10 கிலோமீற்றர் ஓடினேன். 66 நிமிடம் 20 செக்கன். பேஸ் 6:38.

கணக்கில் பிழை இல்லை, நான் அதை வாசித்த விதத்தில்தான் பிழை. காலி வீதியில் 7 தடவை நின்றபோது கடிகாரத்துக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை, எனக்கும் கிடைத்தது. வொட்ச்சின் இதயத் துடிப்பு வரைபடத்தில் ஒவ்வொரு லைட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்த லைட் வரை ஓடுகிறவனும், தொடர்ந்து ஓடுகிறவனும் ஒன்றல்ல. அதனால் நின்ற நேரத்தைக் கழித்து வரும் 6:21 லைட்டுகளுக்கு இடையில் கால் எவ்வளவு வேகமாகப் போனது என்பதைச் சரியாகச் சொல்கிறது. நிற்காமல் 10 கிலோமீற்றர் ஓடினால் என்ன வரும் என்பதை அது சொல்வதில்லை. 7:03 எனக்குச் செய்த அநியாயத்தை 6:21 மறுபக்கமாகச் செய்தது. நிற்காமல் ஓடியபோது வந்த 6:38 இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. எவ்வளவு கூடுதலாக நிற்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த இடைவெளி பெரிதாகும். ஒரே ஒரு லைட்டில் 20 செக்கன் நின்றவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

போட்டியிலும் இதே கதைதான். தண்ணீர் குடிக்க நின்றாலும் சப்பாத்து நாடா கட்ட நின்றாலும் போட்டிக் கடிகாரம் நிற்பதில்லை. வொட்ச்சில் Auto Pause போட்டுக்கொண்டு போட்டிக்குப் போனால், முடிவில் உங்கள் கையில் ஒரு நேரமும் முடிவுப் பட்டியலில் இன்னொரு நேரமும் இருக்கும். அன்றைக்கு மட்டும் அதை நிறுத்திவிட வேண்டும்.

இப்போது காலி வீதியில் ஓடும்போது வொட்ச்சின் திரையில் சராசரி பேஸை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அந்த லேப்பின் பேஸ் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன். லைட்டில் பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறேன், எவ்வளவு நேரம் நின்றாலும் அடுத்த துண்டு புதிதாகத்தான் தொடங்கும். கணைக்கால் வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. போன சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் மட்டும் 94 செக்கன் நின்றேன். பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டரோ என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன், அவர் இல்லை.