மூன்று டாலர் குறைந்ததால்

யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பில் 1,000 ஈதரும் 30,00,000 யுஎஸ்டிசியும் உள்ள ஒரு குளத்தைக் கொள்வோம். ஒருவர் 1 ஈதரை விற்க முனைகிறார். இரு இருப்புகளின் பெருக்குத்தொகை குறையலாகாது என்பதே குளத்தின் விதி. அதன்படியும், 0.3 விழுக்காடு கட்டணம் கழிந்தும், 2,988 யுஎஸ்டிசி கிடைக்குமெனத் திரை காட்டுகிறது. அவர் வைத்த சறுக்கல் வரம்பு 0.5 விழுக்காடு. ஆகவே 2,973க்குக் குறைந்தால் வேண்டாம் என்ற நிபந்தனையும் ஆணையோடு செல்கிறது.

ஆணை தொகுதியில் ஏறுவதற்குள் வேறொருவர் 3 ஈதரை விற்றுவிட்டால் போதும்; இவருக்குரிய தொகை 2,970 ஆகிவிடும். ஒப்பந்தம் அனைத்தையும் முன்னிருந்த நிலைக்கே திருப்பிவிடுகிறது:

```
UniswapV2Router: INSUFFICIENT_OUTPUT_AMOUNT
```

ஈதர் அவரிடமே இருக்கும்; கேஸ் கட்டணம் மட்டும் திரும்பாது.

'சறுக்கல்' என்ற சொல்லே இங்குப் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தம் விற்பனையே விலையைத் தாழ்த்துவது வேறு. அது 2,988இலேயே அடங்கிவிட்டது. வரம்பு காப்பது, இடையில் பிறர் வணிகத்தால் நேரும் மாற்றத்திலிருந்து மட்டுமே.

வரம்பை 1 விழுக்காடாக்கினால் இவ்வாணை நிறைவேறியிருக்கும். சிலர் சினந்து 5 விழுக்காடாக்குவர். காத்திருக்கும் ஆணைகள் பலவற்றை எவரும் காணலாம். முன்னால் விற்று விலையைத் தாழ்த்தி, பின்னால் மலிவாகத் திரும்ப வாங்கும் நிரல்கள் அவற்றை நோக்கியபடியே உள்ளன. 1 ஈதருக்கு அவை அசையமாட்டா, இருமுறை செலுத்தும் கட்டணமே ஆதாயத்தை விழுங்கிவிடும். அதே குளத்தில், அதே 5 விழுக்காட்டோடு, 50 ஈதர் விற்பவரின் நிலை அதுவன்று.